‘லெமன்’ என்ற ஒற்றைச் சொல் தலைப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்த பதிவு

விளம்பர எழுத்து கற்பவர்களுக்காக ஒரு படத்தொகுப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் பழைய விளம்பரத்தின் புகைப்படம், வலப்பக்கம் அதன் தமிழ். தமிழாக்கும் வேலை என்னுடையது. முதலில் கைக்கு வந்த படமே ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1960ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியிட்ட ‘லெமன்’ விளம்பரம். டாயில் டேன் பெர்ன்பாக் என்ற நியூயார்க் விளம்பர நிறுவனம் செய்தது. எழுதியவர் ஜூலியன் கோனிக், வடிவமைத்தவர் ஹெல்முட் க்ரோன். விளம்பரத் துறைக்குள் நுழையும் யாருக்கும் முதல் வாரத்திலேயே காட்டப்படுகிற பக்கம் இது.

பக்கத்தின் மேல் மூன்றில் இரண்டு பங்கு படம். வெற்றுப் பின்னணியில் ஒரு பீட்டில் கார், கறுப்பு வெள்ளையில். அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரே சொல்: லெமன். சொல்லுக்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி. அதற்கும் கீழே அருகருகே மூன்று பத்தி சிறிய எழுத்து. அவ்வளவுதான். பழம் எதுவும் படத்தில் இல்லை. இந்த ஒரு விஷயம் பிறகு எனக்குப் பெரிய உதவியாக வந்தது.

‘லெமன்’ என்றால் எலுமிச்சை. அமெரிக்கப் பேச்சில் இன்னொன்றும் உண்டு: பார்க்க நன்றாக இருக்கும், வாங்கிய பிறகுதான் குறை தெரியும், அப்படிப்பட்ட பொருள். கார்களுக்கு இந்தப் பட்டம் நன்றாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. குறையுள்ள காரை விற்றால் வாங்கியவரைக் காப்பாற்றும் சட்டத்துக்கே அங்கே ‘லெமன் சட்டம்’ என்று பெயர். கனெக்டிகட் மாநிலம் 1982ல் முதலில் கொண்டுவந்தது. ஒரு கார் நிறுவனம் தன் காரின் படத்தைப் போட்டு, கீழே தானே ‘லெமன்’ என்று அச்சடிக்கிறது. படிப்பவர் திடுக்கிட்டுச் சிறிய எழுத்துக்குப் போகிறார். வேலை முடிந்தது.

தமிழில் எலுமிச்சைக்கு அந்த இரண்டாம் பொருள் கிடையாது. எனக்கு முன்னால் இரண்டு வழி. நகைச்சுவையை விளக்கிக் குறிப்பு எழுதலாம், அல்லது தமிழுக்கே உரிய புதிய சிலேடை ஒன்றைக் கட்டலாம்.

படத்திலிருந்து எழுத்தை எடுத்தல்

தேர்வுக்கு முன்னால் ஒரு சலிப்பான வேலை இருந்தது. எனக்கு வந்தது ஸ்கேன் இல்லை. யாரோ பத்திரிகைப் பக்கத்தைக் கைபேசியில் எடுத்த படம். நடுவில் மடிப்பு, வலது ஓரத்தில் விளக்கின் பளபளப்பு. மூன்று பத்தியையும் முதலில் அப்படியே தட்டச்சு செய்துகொண்டேன். படத்தைப் பார்த்துக்கொண்டே நேரடியாகத் தமிழில் எழுதிவிடலாம் என்று தோன்றும். செய்யக்கூடாது. சிலேடை ஒரு சொல்லில் மட்டும் உட்காராது. அதன் வேர் எந்தெந்த வரிக்குள் ஓடுகிறது என்பது மூலம் முழுவதும் எழுத்தாக முன்னால் இருந்தால்தான் தெரியும்.

வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் எத்தனை சோதனையாளர்கள் என்ற எண்ணின் மேல் பளபளப்பு விழுந்திருந்தது. 3,889 என்று படித்து எழுதியும்விட்டேன். அடுத்த வாக்கியம் ஒரு நாளைக்கு 3000 கார் தயாராகிறது, கார்களைவிடச் சோதனையாளர்கள் அதிகம் என்கிறது. பொருந்துகிறது என்று மேலே போய்விட்டேன். அது சோதனையே இல்லை. 3000க்கு மேல் எந்த எண்ணும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும். இரவில் சந்தேகம் வந்து, அதே விளம்பரத்தின் தெளிவான இன்னொரு படத்தைத் தேடிப் பார்த்தேன். 3,389. அன்றிலிருந்து படத்திலிருந்து எடுக்கும் எண் எதையும் இரண்டாவது படத்தோடு ஒப்பிடாமல் விடுவதில்லை.

தட்டச்சு முடிந்ததும் சொல்விளையாட்டு இருக்கும் இடங்களை மட்டும் வட்டமிட்டேன். மூன்று இருந்தன. தலைப்பு ஒன்று. உடனே அடுத்த வரி: ‘இந்த ஃபோக்ஸ்வாகன் மிஸ்டு த போட்’. ஆங்கிலத்தில் படகைத் தவறவிடுவது என்றால் வாய்ப்பை நழுவவிடுவது. ஆனால் இந்தக் கார் நிஜமாகவே ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறவில்லை, சோதனையில் கழிக்கப்பட்டுவிட்டது. மூன்றாவது, விளம்பரத்தின் கடைசி வரி: லெமன்களை நாங்கள் பறித்துவிடுகிறோம், பிளம் பழங்கள் உங்களுக்கு. ‘பிளம்’ என்றால் அங்கே அருமையான பொருள், நல்ல பேறு என்றும் அர்த்தம். தலைப்பில் போட்ட விதை கடைசி வரியில் காய்க்கிறது. ஆக, தலைப்புக்கு மட்டும் ஒரு நல்ல சொல் கிடைத்தால் போதாது, அதே சொல் கடைசி வரியிலும் ஒரு ஜோடியோடு வந்து நிற்க வேண்டும்.

விளக்கிப் பார்த்தது

முதல் முயற்சியில் தலைப்பை ‘எலுமிச்சை.’ என்றே வைத்தேன். அதன் கீழே சாய்வெழுத்தில் ஐந்து வரிக் குறிப்பு: அமெரிக்க வழக்கில் இந்தச் சொல் குறையுள்ள பொருளைக் குறிக்கும், கார் விற்பனையில் இது பரவலான வசை, தன் காரையே இப்படி அழைப்பதுதான் இங்கே வேடிக்கை, இத்யாதி. கடைசி வரிக்கு இன்னொரு குறிப்பு, பிளம் பழத்துக்காக. கப்பலுக்கு மூன்றாவது.

தகவல் எதுவும் தப்பில்லை. படிக்கக் கொடுத்தபோதுதான் சிக்கல் புரிந்தது. நான்கு பேருக்குத் தனித்தனியாகக் காட்டினேன். நால்வருமே குறிப்பைப் படித்துவிட்டு, தலையசைத்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிறிய எழுத்துப் பத்திகளை ஒருவர்கூடப் படிக்கவில்லை.

ஏன் என்று மூலத்தைத் திரும்பப் பார்த்ததும் பிடிபட்டது. அந்த விளம்பரத்தின் உடல் முழுவதுமே தலைப்புக்கான விளக்கம்தான். ‘ஏன் இந்தக் காரை இப்படிச் சொல்கிறார்கள்?’ என்று தலைப்பு ஒரு புதிர் போடுகிறது. டேஷ்போர்டில் இருக்கும் சிறு பெட்டியின் குரோம் பட்டையில் ஒரு வடு, மாற்ற வேண்டும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், சோதனையாளர் கர்ட் க்ரோனர் கவனித்தார் என்று பதில் வருகிறது. என் குறிப்பு அந்தப் பதிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, ‘இது வேடிக்கைக்காகச் சொன்னது’ என்று உடைத்துவிட்டது. விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போட்டால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

விளக்குவது தப்பு என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை. விளக்கம் நின்ற இடம்தான் தப்பு. இந்த விளம்பரமே ஓரிடத்தில் விளக்கம் கொடுக்கிறது: கார்களைச் சோதிக்கும் மேடைக்கு ஜெர்மன் பெயரை நீளமாகப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் பொருள் சொல்கிறது. சொல்லுக்குப் பொருள் சொல்ல எழுதியவர் தயங்கவில்லை. தலைப்பின் வேடிக்கைக்கு மட்டும் எங்குமே பொருள் சொல்லவில்லை.

தமிழில் தேடியது

சரி, புதிதாகக் கட்டுவோம் என்று உட்கார்ந்தேன். தேவையை முதலில் எழுதிக்கொண்டேன்: ஒரே சொல், குறையைச் சொல்ல வேண்டும், தன்னைத்தானே வைதுகொள்வது போல ஒலிக்க வேண்டும், கடைசி வரியில் நல்லதைக் குறிக்கும் ஒரு ஜோடி அதற்கு அமைய வேண்டும்.

எலுமிச்சையை விட்டுவிடாமல் புளிப்பு வழியாகப் போகலாமா என்று பார்த்தேன். ‘புளிக்கும்.’ என்று வைத்தால் உடனே நரியும் திராட்சையும் வந்துவிடுகின்றன. அந்தக் கதையில் பழத்தில் குறை இல்லை, எட்டாதவனிடம்தான் குறை. பொருள் நேர்மாறாகப் போய்விடும். ‘ஓட்டை.’ என்பதை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். வண்டியோடு நன்றாகப் போகிறது, ஓட்டை வண்டி என்பது எல்லோர் வாயிலும் வருவது. ஆனால் அது பழசாகி உளுத்துப்போன வண்டி. படத்தில் இருப்பதோ புத்தம் புதுக் கார். ‘டப்பா’வுக்கும் அதே கதி. ‘உதவாக்கரை’ மனிதரைச் சொல்வது. ‘பதர்’ நல்ல சொல். நெல்லைப் போலவே இருக்கும், உள்ளே மணி இருக்காது. அதன் ஜோடியாக ‘மணி’யை வைத்து ‘பதர் எங்களுக்கு, மணி உங்களுக்கு’ என்று எழுதியும் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் இரண்டு சொல்லுக்கும் ஒலி உறவே இல்லை. எதிர்ச்சொல் இருக்கிறது, விளையாட்டு இல்லை.

‘சொத்தை’ வந்தது வேறு ஏதோ பேச்சின் நடுவில். பல் சொத்தை என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துப் பார்த்தேன்.

சொத்தைக் காய் எப்படி இருக்கும்? வெளியே பளபளப்பாக இருக்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அதுவும் படும். ‘லெமன்’ என்ற சொல்லுக்குள் இருப்பது அப்படியே இதுதான்: பார்வைக்கு நல்லது, ஆராய்ந்தால் குறை. படத்தில் இருக்கிற காரும் அப்படித்தான், எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. க்ரோனர் திருப்பிப் பார்த்தார், துளையைக் கண்டார். ‘ஓட்டை’யில் இல்லாத பொருத்தம் இதில் இருந்தது. சொத்தையான வாதம், சொத்தையான காரணம் என்று காய்கறிக்கு வெளியேயும் இந்தச் சொல் தாராளமாக நடமாடுவதால் காருக்கு வைத்தால் யாரும் முழிக்க மாட்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் சொல்லுக்குள் இருந்த இன்னொரு சொல் கண்ணில் பட்டது. சொத்து. சொத்து என்பதோடு ஐ வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘சொத்தை’. பூச்சி அரித்ததும் சொத்தை, ஆஸ்தியைச் சொல்வதும் சொத்தை, எழுத்தில் ஒரு மாத்திரை வித்தியாசம் இல்லை. நம் அணியிலக்கணம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரிக்கும். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழி. வேறு வேறாகப் பிரித்தால் வேறு வேறு பொருள் தந்தால் பிரிமொழி. ‘லெமன்’ செம்மொழிச் சிலேடை. எனக்குக் கிடைத்தது பிரிமொழிச் சிலேடை. உருபு சொல்லோடு ஒட்டி வருவதால்தான் இந்தச் சொல்லை இப்படிப் பிரித்து விளையாட முடிகிறது.

மூலத்தில் இல்லாத ‘சொத்து’ என்ற எண்ணத்தை நான் உள்ளே கொண்டுவருகிறேனே, அது நியாயமா என்ற கேள்வி இருந்தது. தட்டச்சு செய்து வைத்திருந்த மூலம் இங்கே கைகொடுத்தது. கடைசி வரிக்குச் சற்று முன்னால் விளம்பரமே சொல்கிறது: பழைய ஃபோக்ஸ்வாகனின் மதிப்பு மற்ற எந்தக் காரையும்விடக் குறைவாகத்தான் சரிகிறது. மதிப்புக் குறையாத பொருளைத் தமிழில் சொத்து என்கிறோம். ஆக ‘பிளம்’ சொன்னதைவிட ‘சொத்து’ அந்த வாக்கியத்தோடு நெருக்கமாகவே ஒட்டுகிறது. நிறுவனம் சொல்லாத வாக்குறுதி எதையும் நான் அதன் வாயில் திணிக்கவில்லை. மூலத்தின் உடலில் ஆதாரம் இல்லாமல் போயிருந்தால், எவ்வளவு அழகாக ஒலித்தாலும் அந்தச் சிலேடையை விட்டிருப்பேன்.

கடைசி வரியில் ஒரு ஒற்று

தலைப்பு எளிதாக அமர்ந்தது. கடைசி வரிதான் நான்கு நாள் எடுத்தது.

முதல் வடிவம் இது: ‘சொத்தையைப் பொறுக்குகிறோம், சொத்தைக் கொடுக்கிறோம்.’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முறத்தில் போட்டுச் சொத்தை பொறுக்குவது என்று நாம் சொல்வதுதான், மூலத்தில் பறிப்பதற்கு நிகராக நிற்கிறது. தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் காட்டினேன். இரண்டு முறை வாய்க்குள் படித்துப் பார்த்தார்.

“தம்பி, இந்த ‘க்’ விழுந்துட்டா என்ன ஆகும்?”

எடுத்துப் பார்த்தேன். ‘சொத்தைக் கொடுக்கிறோம்’ என்றால் சொத்து என்ற பொருளைக் கொடுக்கிறோம். இரண்டாம் வேற்றுமை, அதனால் ஒற்று மிகுகிறது. ‘சொத்தை கொடுக்கிறோம்’ என்று ஒற்றில்லாமல் எழுதினால் உருபு இல்லாத வெறும் பெயர், பூச்சி அரித்ததைக் கொடுக்கிறோம் என்றாகிவிடும். விளம்பரத்தின் முழுப் பொருளும் ஒரே ஒரு க் மேல் உட்கார்ந்திருக்கிறது. இலக்கணப்படி நான் எழுதியது சரி. ஆனால் இன்றைக்குப் பாதிப் பேர் ஒற்றைப் போடுவதும் இல்லை, போட்டிருப்பதைக் கவனித்துப் படிப்பதும் இல்லை. ஒரு நிறுவனம் ‘குறையுள்ளதைத்தான் கொடுக்கிறோம்’ என்று சொல்வது போல யாராவது ஒருவருக்குப் படிக்க வாய்ப்பிருந்தாலே அந்த வரி போய்விட வேண்டியதுதான். எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன்.

அடுத்து ஒற்றே வராதபடி, ‘சொத்தை எங்களுக்கு, சொத்து உங்களுக்கு’ என்று எழுதினேன். அளவும் எதுகையும் நன்றாக இருந்தன. இதைப் படிக்கச் சொன்னபோது ஒரு தங்கை சட்டென்று சிரித்தாள். நான் மகிழ்ந்துபோய் என்ன என்று கேட்டேன். “அவங்க நம்ம சொத்தை எழுதி வாங்கிக்கப் போறாங்கன்னு நெனச்சேண்ணா” என்றாள். உயிரெழுத்துக்கு முன்னால் ஒற்று மிகாது. அதனால் ‘சொத்தை எங்களுக்கு’ என்பதில் ‘உங்கள் சொத்தை எங்களுக்குக் கொடுங்கள்’ என்ற பொருளும் தாராளமாக நுழைகிறது. வினை இல்லாத வாக்கியத்தில் படிப்பவர் தனக்குத் தோன்றிய வினையைப் போட்டுக்கொள்வார். கொடு, தா என்பவைதான் முதலில் தோன்றும்.

அங்கேதான் வழியும் தெரிந்தது. வினையை நானே போட வேண்டும், அதுவும் செயப்படுபொருளை ஏற்காத வினையாக. நில், வா போன்ற வினைகளுக்கு முன்னால் ‘சொத்தை’ வந்தால் அது எழுவாயாக மட்டுமே இருக்க முடியும். ‘சொத்தை நிற்கும்’ என்பதை ‘சொத்து + ஐ நிற்கும்’ என்று யாராலும் பிரித்துப் படிக்க முடியாது, தமிழ் காது ஏற்காது. அப்படித்தான் கடைசி வடிவம் வந்தது:

சொத்தை எங்களோடு நிற்கும்; சொத்து உங்களோடு வரும்.

ஆறு சொல். தொழிற்சாலையில் நின்றுபோன கார், வீட்டுக்கு வந்துசேரும் கார் என்ற காட்சியும் கூடவே கிடைத்துவிட்டது. பறித்தலும் பழமும் போய்விட்டன. அந்த இழப்பு எனக்குத் தெரிந்தே செய்தது.

கப்பல் வரி இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. அங்கே தேடவே வேண்டியிருக்கவில்லை. மானம் கப்பலேறுவது தமிழில் எப்போதும் இருப்பது. ‘இந்த ஃபோக்ஸ்வாகன் கப்பல் ஏறவில்லை. எங்கள் மானமும் ஏறவில்லை.’ நேர்ப்பொருள் மூலத்தின் நேர்ப்பொருளேதான், கார் கப்பலில் போகவில்லை. மரபுத்தொடர் மட்டும் வேறு. மூலத்தில் நழுவியது காரின் வாய்ப்பு, இங்கே காப்பாற்றப்பட்டது நிறுவனத்தின் பெயர். இரண்டாம் வாக்கியம் மூலத்தில் இல்லாதது என்பதால் அதை வெட்டிவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன்; மானம் யாருக்கும் காதில் விழவில்லை, வெறும் தகவலாகப் படித்தார்கள். திரும்பச் சேர்த்துவிட்டேன். எங்காவது ஓரிடத்தில் மூலத்தைவிட ஒரு அடி அதிகம் எடுத்துவைத்திருக்கிறேன் என்றால் இங்கேதான்.

படத்தில் மூலச்சொல் தெரியும்போது

தலைப்பும் கடைசி வரியும் தயாரானதும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அச்செடுத்து அதே நால்வருக்குக் காட்டினேன். இந்த முறை மூன்று பேர் சிறிய எழுத்துவரை போனார்கள், கடைசி வரியில் முகம் மலர்ந்தது. நான்காமவர் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க லெமன்னுல்ல இருக்கு? எலுமிச்சைதானே அது? சொத்தைன்னு ஏன் மாத்திட்டீங்க?”

அவர் கேட்டது சரி. புத்தகத்தில் வெறும் மொழிபெயர்ப்பைப் படிப்பவருக்கு மூலம் கண்ணில் படாது. புகைப்பட விளம்பரத்தில் மூலச்சொல் அங்கேயே, பெரிய எழுத்தில், படத்தின் பகுதியாக நிற்கிறது. ஆங்கில எழுத்து தெரிந்த எவரும் அதைப் படித்துவிடுவார். பக்கத்தில் வேறு பொருளில் ஒரு தமிழ்ச்சொல் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் பிழை செய்துவிட்டார் என்றுதான் நினைப்பார். புதிய சிலேடை தனியாக நிற்கும்போது நகைச்சுவை. மூலத்தின் பக்கத்தில் நிற்கும்போது தவறு போலத் தெரியும்.

ஆகவே விளக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன், வேறு இடத்தில். தமிழ்ப் பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. இடப்பக்கத்துப் புகைப்படத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஒரே வரி: ‘லெமன்: எலுமிச்சை, அமெரிக்கப் பேச்சில், வாங்கிய பிறகு குறை தெரியவரும் பொருள்.’ வேடிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, சொல்லுக்குப் பொருள் மட்டும். முதல் குறிப்பில் இருந்த ஐந்து வரியில் நான்கு வரி, படிப்பவர் தானே செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொடுத்தது.

தொகுப்பில் அடுத்து வந்த படத்துக்கு இதற்கு நேரெதிரான முடிவு எடுத்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக 1978ல் சாச்சி அண்ட் சாச்சி செய்த சுவரொட்டி அது. வேலைவாய்ப்பற்றோர் அலுவலகத்தின் முன்னால் நீண்டு வளைந்து போகும் மனித வரிசை. மேலே ‘லேபர் இஸ்ன்ட் வொர்க்கிங்’ என்ற தலைப்பு. ‘லேபர்’ ஆளும் கட்சியின் பெயரும் ஆகிறது, உழைப்பாளர் கூட்டமும் ஆகிறது. கட்சி சரியாக நடக்கவில்லை, உழைப்பாளருக்கு வேலை இல்லை என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில்.

தமிழில் அந்தக் கட்சியைத் தொழிற்கட்சி என்றே எழுதுகிறோம். ‘தொழிற்கட்சி வேலை செய்யவில்லை’ என்று நேராகப் போட்டாலே இரட்டைப் பொருள் வந்துவிடும் என்று முதலில் தோன்றியது; இயந்திரம் வேலை செய்யவில்லை என்றும் சொல்கிறோம், ஆள் வேலை செய்யவில்லை என்றும் சொல்கிறோமே. ஆனால் படத்தைப் பாருங்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு மேலே ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால், தமிழில் அது அவர்களைச் சோம்பேறிகள் என்பது போல ஆகும். அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை, செய்ய மறுக்கவில்லை. ‘தொழிற்கட்சியில் தொழில் இல்லை’ என்று புதிதாகக் கட்டினால் வரிசையோடு ஒட்டும், ஆட்சி நடக்கவில்லை என்ற பாதி காணாமல் போகும். அதோடு இது ஒரு தேர்தல் வாதம். யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் மாணவர் இந்தப் படத்தைப் பார்க்கிறார். கட்சி சொல்லாததை அதன் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை. இரண்டு பொருளையும் இரண்டு வாக்கியத்தில் விளக்கி, நிறுத்திவிட்டேன். கார் விளம்பரத்தைப் பார்க்கும் மாணவர் கற்க வேண்டியது ஒரு சொல் பக்கம் முழுவதையும் இழுத்துச் செல்லும் விதம். அதை விளக்கத்தால் காட்ட முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். அதனால்தான் அங்கே புதிதாகக் கட்டினேன்.

பக்கத்தில் வைத்தது

தமிழ்ப் பக்கத்தை மூலத்தின் அதே அமைப்பில் செய்ய வேண்டும் என்று முடிவு. அதற்காக எடுத்த படத்தின் நகலில் ஆங்கிலத் தலைப்பை வெள்ளைக் கட்டத்தால் மறைத்தேன். வெற்றுப் பின்னணி என்பதால் சுலபம். காரின் மேலேயே எழுத்து ஓடியிருந்தால் ஒரு நாள் வேலை. அதே இடத்தில் ‘சொத்தை’ என்று தடித்த, அலங்காரமில்லாத எழுத்துருவில் அமைத்தேன். தமிழ் எழுத்து அகலம் அதிகம் கேட்கும், அதனால் மூலத்தைவிடச் சற்றுச் சிறிய அளவில் வைத்து இடமிருந்து தொடங்கினேன்.

சிறிய எழுத்துப் பத்திகளை மூன்றாகவே வைக்கப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு ஆறேழு சொல் வரும் இடத்தில் தமிழில் மூன்றுதான் வருகிறது. இருபக்கமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய வெள்ளை ஓட்டைகள். இரண்டு பத்தியாக்கி, இடப்பக்கம் மட்டும் சமனாக விட்டபின்தான் கண் ஓடியது. கடைசி வரி ஒரே வரியில் முழுதாக அமர வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு வாக்கியத்தில் இரண்டு சொல்லைச் சுருக்கினேன். ‘சொத்தை எங்களோடு நிற்கும்;’ ஒரு பத்தியின் அடியிலும் ‘சொத்து உங்களோடு வரும்’ அடுத்த பத்தியின் தலையிலும் போய்விட்டால் ஒலி அறுந்துவிடும்.

முதல் அச்சுப் பிரதியை அண்ணனிடம் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்தவர், “சொத்தை... என்ன பண்றாங்க? விக்கிறாங்களா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. இத்தனை நாள் கூடவே இருந்தவர். பிரதியை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தலைப்பில் முற்றுப்புள்ளி இல்லை. ஆங்கிலச் சொல்லை மறைத்த வெள்ளைக் கட்டம் என் தமிழ்ச் சொல்லின் கடைசியில் சிறிது ஏறி, புள்ளியை மூடியிருந்தது.

மூலத்தில் அந்தப் புள்ளி ஒரு தோரணை. சொன்னது சொன்னதுதான் என்று முடித்துவிடும் குரல். தமிழில் அதற்கு அதைவிடக் கனமான வேலை. புள்ளி இல்லாத ‘சொத்தை’ ஒரு வினையைத் தேடி நிற்கிறது, வேற்றுமை உருபு அப்படித்தான் செய்யும், அடுத்த சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கும். புள்ளி விழுந்ததும் அந்த வழி அடைபடுகிறது. இனி இது முழுச் சொல், பூச்சி அரித்த சொத்தை, என்று கண் முடிவு செய்கிறது. சொத்து உள்ளே ஒளிந்துகொண்டு கடைசி வரிவரை காத்திருக்கிறது.

அடுக்கு வரிசையில் எழுத்தை வெள்ளைக் கட்டத்துக்கு மேலே ஏற்றினேன். புள்ளியை எழுத்தின் தடிமனுக்குச் சமமாகப் பெரிதாக்கினேன். இரண்டாம் பிரதி வந்ததும் வேறு எதையும் பார்க்காமல் முதலில் அந்த இடத்தில்தான் விரலை வைத்தேன். இருந்தது.